ஏழரை மணிக்கு அறுந்த பாட்டு

பாட்டு முதல் முறை அறுந்தபோது ஹெலினா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. காதில் இருப்பதைத் தொட முடியாது, மேடையில் கிடந்த போனையும் தொட முடியாது. பாடகி ஒரு வார்த்தையை விழுங்கினாள், பாதி வார்த்தையைத் துப்பினாள், அப்புறம் மூச்சே நின்றதுபோல் இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு எதுவும் நடக்காததுபோல் பாட்டு தொடர்ந்தது. நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் குடியிருக்கும் போபோடியில் மழைக்காலத்தில் நெட் ஒழுங்காக இருந்தால்தான் அதிசயம்.

அந்த இயர்பட்ஸ் அவளுடையது இல்லை. கார்லுடையது. கார்ல் அவள் கணவன். சாகணில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை, பைக்கில் வேலைக்குப் போகும் வழியில் நாசிக் ரோட்டில் ஒரு டெம்போவின் பின்புறத்தில் போய் மோதினான். ஹெல்மெட் போட்டிருந்தான். ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதிலும் இந்த இயர்பட்ஸ் போட்டிருந்தான். மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் வாட்ச், பர்ஸ், இயர்பட்ஸை உள்ளே வைத்து மூடிய வெள்ளை டப்பா எல்லாவற்றையும் போட்டு அவன் அப்பா ஜோசப்ராஜிடம் கொடுத்தார்கள். ஜோசப்ராஜ் அதை அப்படியே மருமகளிடம் கொடுத்தார். போன் மட்டும் பின்னால் வந்த லாரிச் சக்கரத்தில் போய்விட்டது என்றார்.

எட்டு மாதம் அந்த டப்பா அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. போன திங்கட்கிழமைதான் ஹெலினா அதை வெளியே எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று யாராவது கேட்டால் தன் பழைய வயர் இயர்போன் கெட்டுப்போனதால் என்று சொல்லியிருப்பாள். அது பொய். அவனுடைய ஏதோ ஒன்று தன் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பஞ்சைச் சூடான தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள், சார்ஜ் போட்டாள், தன் போனோடு சேர்த்தாள், அவன் சேர்த்து வைத்திருந்த பாட்டுப் பட்டியலையே போட்டுக் கேட்டாள்.

அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. எட்டு மாதமாக அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. அன்று காலை அவர்களுக்குள் சண்டை. சாப்பாட்டு மேஜையில்கூட அவன் காதிலிருந்து அந்த வெள்ளைப் பொத்தான்களை எடுப்பதில்லை என்பதில் தொடங்கி எங்கெங்கோ போன சண்டை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். எட்டு ஐம்பத்தைந்துக்கு, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் முன்பு, அவள் அவனுக்குப் போன் செய்தாள். மணி போனது. கூடவே ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது: நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். கடைசிவரை அவன் எடுக்கவில்லை. ஹெலினா போனைப் பைக்குள் வீசிவிட்டு எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுக்கப் போனாள். பத்து மணிக்கு விபத்துச் செய்தியோடு ஆள் வந்தது.

ஏறக்குறைய அதே நிமிடத்தில்தான் விபத்து நடந்தது என்று போலீஸ்காரர் எழுதினார். அப்படியானால் சாகிற நேரத்தில் கார்ல் யாருடன் பேசிக்கொண்டிருந்தான்?

போன் கம்பெனியில் போய்க் கேட்டாள். போலீஸ் கடிதம் வேண்டும் என்றார்கள். போலீஸில் கேட்டாள். கேஸ் முடிந்துவிட்டது மேடம் என்றார்கள். மாமனாரிடம் கேட்டாள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. "யாரோடயோ பேசிட்டிருந்தார் மாமா. யாரா இருக்கும்?" ஜோசப்ராஜ் ஒவ்வொரு தடவையும், "அதை நினைக்காதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். நினைக்காமல் இருப்பது கையில் இருக்கிற காரியமா? ராத்திரி படுத்தால் ஒவ்வொரு முகமாக வரும். அவன் ஆபீஸில் கிரிஜா என்று ஒருத்தி இருந்தாள். அடக்கத்துக்கு வந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். ஹெலினா அந்த அழுகையைக்கூட மனசில் ஆயிரம் தடவை எடை போட்டுப் பார்த்துவிட்டாள். செத்துப்போன புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பிக்கொண்டாள். சந்தேகம் அதற்கெல்லாம் போகிற ஜாதியா?

செவ்வாய்க்கிழமையும் பாட்டு அறுந்தது. புதன்கிழமையும். வியாழக்கிழமை தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்திரண்டு. முந்தின நாட்களிலும் குக்கர் வைத்துவிட்டு மாவு பிசையும் நேரம்தான். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே காத்திருந்தாள். ஏழு முப்பத்தொன்றுக்குப் பாட்டு ஒருமுறை விக்கியது. பிறகு கால் மணி நேரம் திக்கித் திக்கித்தான் ஓடியது. எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கேட்டால் அறுவதில்லை. கட்கி பஜாரில் நடந்துகொண்டே கேட்டாலும் அறுவதில்லை. வீட்டில், அதுவும் ஏழரைக்கு மட்டும். இன்னொன்றும் கவனித்தாள், அதுதான் அவளை உலுக்கியது. சமையலறையில் இருக்கும்போது பாட்டு கந்தல் கந்தலாகக் கிழிகிறது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால் கொஞ்சம் தேவலை. கூடத்தைத் தாண்டி மாமனார் அறைப் பக்கம், கார்லின் படம் மாட்டிய சுவர் ஓரமாகப் போய் நின்றால் சுத்தமாக ஓடுகிறது. மாலை போட்ட படம். சிரித்துக்கொண்டிருப்பான். தன் பக்கத்தில் வந்து நில் என்று அவன் கூப்பிடுவதுபோல் இருந்தது. கணக்கு டீச்சருக்கு இப்படியெல்லாம் தோன்றலாமா என்று கேட்காதீர்கள். தோன்றியது.

மாமனாரிடம் சொல்லலாம் என்று பார்த்தால், அந்த வாரம் அவரே ஆள் சரியில்லை. கன்டோன்மென்ட் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவர், ஆணி அடித்ததுபோல் உட்காருகிற மனிதர், திடீரென்று தொங்கிப்போயிருந்தார். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பாட்டைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றார். அடுத்த அடி வரவில்லை. அவருக்குத் தெரியாத அடி இல்லை அது.

"என்ன மாமா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. தூக்கம் வர மாட்டேங்குது, அவ்வளவுதான்."

சரி, முதலில் இந்தப் பாட்டின் பீடையையாவது ஒழிப்போம் என்று அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் காசிம் கடைக்குப் போனாள்.

காசிம் வாணியம்பாடிக்காரர். போபோடி ரயில்வே கேட் பக்கத்துச் சந்தில் ஒரு கட்டில் அகலமுள்ள கடையில் இருபது வருடமாக போன் ரிப்பேர். தமிழ் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. பிரச்சினையை முழுவதும் கேட்டுக்கொண்டு, தாடியைச் சொறிந்தார்.

"மொதல்ல ஒண்ணு பாத்துருவோம் டீச்சர். பாட்டு ரெண்டு எடத்துல அறும். நெட்லருந்து போனுக்கு வர்ற வழில, இல்லன்னா போன்லருந்து காதுக்குப் போற வழில. பாட்டை டவுன்லோட் பண்ணி வச்சுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அப்பவும் அறுது."

"அப்ப நெட்டு மேல பழி போடக்கூடாது. ப்ளூடூத்துதான். போனை எங்க வச்சிக்கிறீங்க? பின்பாக்கெட்டுல வச்சா ஒடம்பே மறைக்கும். ஒடம்புல பாதித் தண்ணிதான?"

"மேடை மேல. ரெண்டடி தூரம்கூட இல்ல."

"வைஃபை டப்பா? மைக்ரோவேவ்? அதெல்லாம் ப்ளூடூத்து போற அதே ரோட்டுல போற வண்டிங்க. இடிச்சிக்கும்."

"வைஃபையை அணைச்சுப் பார்த்தேன். மைக்ரோவேவ் எங்ககிட்ட இல்ல."

காசிம் அவள் போனை வாங்கி, அந்த இயர்பட்ஸ் கம்பெனியின் ஆப்பை இறக்கித் திறந்தார். சத்தம் உசத்தியாக வேண்டுமா, இணைப்பு உறுதியாக வேண்டுமா என்று ஒரு இடத்தில் கேட்டது. உறுதி என்பதைத் தட்டினார். அப்புறம் இன்னொரு பக்கத்துக்குப் போனவர், "ஆங்" என்றார்.

"இதுல ஒரே நேரத்துல ரெண்டு போனோட சேர்ற வசதி இருக்கு. தொறந்து வச்சிருக்கு. பாருங்க, மூணு பேரு பதிஞ்சிருக்கு. பச்சையா இருக்கறது உங்க போனு. மத்த ரெண்டும் சாம்பலா இருக்கு. யாருது?"

ஹெலினா எட்டிப் பார்த்தாள். 'ஹெலினா'வுக்குக் கீழே 'கார்ல் ஆபீஸ்'. அதற்குக் கீழே 'கார்ல்'.

"அவரோடதுதான். ஆபீஸ் போனைக் கம்பெனியில திருப்பி வாங்கிட்டாங்க. இன்னொண்ணு... ஆக்சிடென்ட்ல உடஞ்சு போச்சு."

"அப்ப அதுங்களால தொந்தரவு இல்ல. ஒடஞ்ச போனு எப்படி வந்து சேரும்?" காசிம் சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கிட்ட இருந்தா என்னாவும்னா டீச்சர், காதுல இருக்கறது ரெண்டு பக்கமும் பதில் சொல்லணும். அந்தப் போனு செவுத்துக்கு அந்தாண்ட இருந்தா இன்னும் மோசம். சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லுன்னு அதுகூட மல்லுக்கட்டியே இதோட நேரம் போயிடும். இங்க பாட்டு அறும். நீங்க கேட்டுட்டு இருக்கறவரைக்கும் அதோட சத்தம் உள்ள வராது. நீங்க நிறுத்தினா அது வரும்."

"அது வரும்" என்று ஹெலினா திருப்பிச் சொன்னாள்.

"விடுங்க. ரீசெட் பண்ணிர்றேன். பழைய பேரு எல்லாம் அழிஞ்சி புதுசா ஆயிடும்."

அவர் விரல் இறங்குவதற்குள் ஹெலினா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. ரேஷன் கார்டிலிருந்து கார்ல் பெயரை எடுத்தாகிவிட்டது. பேங்கிலிருந்து எடுத்தாகிவிட்டது. சர்ச் வரிப் புத்தகத்தில்கூட அடித்தாகிவிட்டது. எந்தக் கையெழுத்தும் கேட்காமல் அவன் பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் இந்தப் பட்டியல்தான்.

"வேணாம் பாய். இப்படியே இருக்கட்டும்."

காசிம் காசு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மாவு பிசையவில்லை. சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, பாட்டை ஓடவிட்டு, ஆப்பில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. மாமனார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. ஏழு இருபத்தொன்பது. ஏழு முப்பது.

ஏழு முப்பத்தொன்றுக்குப் பாட்டு விக்கியது. திரையில் 'கார்ல்' என்ற பெயர் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறியது.

பேயாவது பிசாசாவது என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிறவள்தான். ஆனால் செத்துப்போன புருஷன் பெயருக்கு நேராக 'கனெக்டட்' என்று எழுதியிருந்தால் எந்த டீச்சரும் அதை இரண்டு தடவை படித்துப் பார்க்கத்தான் செய்வாள். உடைந்த போன் எப்படி வந்து சேரும்? அவள் பயந்ததைவிட அதிகமாக ஆசைப்பட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும். "கார்ல்?" என்று வாய்விட்டே கூப்பிட்டாள். காதில் பாட்டு கிழிந்துகொண்டிருந்தது.

நீங்க நிறுத்தினா அது வரும்.

பாட்டை நிறுத்தினாள். ஒன்றுமில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். மூன்று நொடி, நான்கு நொடி. பிறகு ஒரு சின்ன 'டக்'. அப்புறம் காற்று, ஹாரன், எஞ்சின் இரைச்சல், அத்தனைக்கும் நடுவில், மூளைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை பக்கத்தில்:

"சொல்லுங்கப்பா."

ஹெலினா மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிலதான் இருக்கேன், பரவால்ல, சொல்லுங்க."

கார்ல்தான். தொண்டையில் கொஞ்சம் கரகரப்போடு, 'பரவால்ல'வை இழுத்துச் சொல்கிற அதே கார்ல். எட்டு மாதமாக அந்தக் குரலை ஞாபகத்தில் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் தெரிந்தது, ஞாபகத்தில் இருந்தது பாதிகூட இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டியது.

இன்னொரு குரல் வந்தது. தளர்ந்த, தெரிந்த குரல். "ஏலே, இந்த போன்ல எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்குடே. பெருசு பண்ணுறது எப்படின்னு அன்னைக்குச் சொன்னியே..."

அங்கே அறுந்தது. மறுபடியும் 'டக்'. காற்று. "சொல்லுங்கப்பா. வண்டிலதான் இருக்கேன்..." மறுபடி அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. "சொல்லுங்கப்பா." மூன்றாம் தடவை கேட்டபோது ஹெலினாவின் அழுகை நின்றுவிட்டது. பேய் இப்படித் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்காது. யாரோ விரலால் தட்டுகிறார்கள்.

யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்ற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. அந்த மனிதர் இதே வீட்டில், எட்டு மாதமாக, தினமும் அவள் கையால் சப்பாத்தி தின்றுகொண்டு.

அறைக் கதவைத் தள்ளினாள். ஜோசப்ராஜ் கட்டிலில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு மூலை நொறுங்கிய கறுப்பு போன் கையில். அதைக் காதில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், உதறினார், திரையைத் தட்டினார். அவர் விரல் பட்டு அரை நொடி கழித்து அவள் காதில் "சொல்லுங்கப்பா" வந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பேசுடே" என்றார் போனைப் பார்த்து. "ஒரு வார்த்தை பேசேன்டே."

"மாமா."

அவர் திரும்பினார். ஒளிக்கப் பார்க்கவில்லை. ஒளிக்கிற தெம்பு இல்லாதவர்போல் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"உடஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே."

"உடையல."

"யாரோட பேசிட்டிருந்தார்னு உங்ககிட்ட எத்தனை தடவை கேட்டேன்? நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? அந்தப் பொண்ணு கிரிஜாவை எல்லாம்... ச்சே! பக்கத்து அறையில உக்காந்துக்கிட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"என் கூடத்தான் பேசிட்டிருந்தான்" என்றார் ஜோசப்ராஜ். "எழுத்தைப் பெருசு பண்ணணும்னு நான்தான் கூப்பிட்டேன். ஒரு மண்ணாங்கட்டிக் காரியத்துக்கு. ஆஸ்பத்திரியில முதல் நாள் வாய் வரலம்மா. ரெண்டாம் நாள் நீ வந்து, யாரோ அவர்கிட்ட பேசிட்டிருந்தாங்கன்னு அழுத. அந்த யாரோ நான்தான்னு எப்படிச் சொல்லுவேன்? நாள் போகப் போக நாக்கு இன்னும் கனத்துப் போச்சு."

அந்த போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும்படி கார்ல் வைத்திருந்தான். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று பின்னால் சண்டை வராமலிருக்க. ஜோசப்ராஜ் சிம் கார்டைக் கழற்றிவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பகலெல்லாம் போனை அணைத்து வைத்து, அவள் சமையலறையில் இருக்கிற ஏழரை மணிக்கு மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறார். ப்ளூடூத் என்று ஒன்று எப்போதும் விழித்துக்கொண்டிருப்பது அந்தக் கிளார்க்குக்குத் தெரியவில்லை.

"தினமும் பேசுவான்" என்றார். "பத்து நாளா பேச மாட்டேங்கான். ஸ்பீக்கர் போச்சோன்னு கட்கியில ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்க நல்லாப் பேசுதான். சந்தோஷமா வீட்டுக்கு வந்தா மறுபடி ஊமை. எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த வீட்டுல வச்சுத்தான நான் பொய் சொன்னேன். இந்த வீட்டுல அவன் என்கிட்ட பேச மாட்டான்."

ஹெலினாவுக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இது ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லாமல் விட்டால் இந்தக் கிழவர் மிச்ச நாளெல்லாம் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்றே நம்பிக்கொண்டு கிடப்பார். கிடக்கட்டுமே என்றுதான் ஒரு கணம் தோன்றியது. எட்டு மாதம் நான் கிடக்கவில்லையா?

ஆனால் காதிலிருந்த இரண்டையும் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுக்குள்ள பேசிட்டிருந்தார் மாமா. இது அவரோடது. அந்த போனுக்கு இதைத் தெரியும். நான் காதுல போட்டா, சத்தம் பூரா இங்க வந்துடும், உங்களுக்கு ஒண்ணும் கேக்காது. என் பாட்டும் அறுந்து போகும். நான் இதை எடுத்த நாள்லருந்துதான் உங்களுக்குக் கேக்காமப் போச்சு."

அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவள் இரண்டையும் டப்பாவில் போட்டு மூடினாள். போன் ஒருமுறை சிணுங்கி நின்றது.

"இப்பப் போடுங்க."

அவர் தட்டினார். "சொல்லுங்கப்பா" என்று கார்ல் அறைக்குள் பேசினான். ஜோசப்ராஜின் தோள் குலுங்கியது. இருவரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். செட்டிங்ஸ் போங்க. பல் சக்கரம் மாதிரி இருக்குமே, அது. கீழ தள்ளுங்க. டிஸ்ப்ளேன்னு இருக்கா? அது இல்லப்பா, அதுக்கு அடுத்தது. கோபமே இல்லை. ஒரு இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தான். அவ்வளவு பொறுமையாகத் தன்னிடம் ஒருநாளும் பேசியதில்லையே என்று ஹெலினாவுக்கு ஒரு கீறல் விழுந்தது.

நான்கு நிமிடமானபோது ஜோசப்ராஜ் விரலை வைத்து நிறுத்தினார்.

"இவ்வளவுதான்."

ஹெலினா திரையைப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு நொடி பாக்கி இருந்தது.

"மிச்சம் இருக்கே."

"வேணாம்மா. நானே ஒரு தடவைதான் கேட்டேன். ஆஸ்பத்திரி வராண்டால. அதுக்கப்புறம் இங்கயே நிறுத்திடுவேன்." அவர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அதுல உன் பேரு வருது. நீ கேட்டா, உன்னாலதான்னு நினைச்சுக்குவ. அதுக்காகவும்தான் ஒளிச்சேன். பூராவும் உனக்காகன்னு சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல எனக்காகத்தான். ஆனா இதுக்காகவும்தான்."

"குடுங்க."

"ஹெலினா..."

"குடுங்க மாமா."

கொடுத்தார். அவள் தட்டினாள்.

"...பெருசாயிடுச்சா? அவ்ளோதான்ப்பா." காற்று. பின்னணியில் பீப், பீப் என்று இன்னொரு அழைப்பு வருகிற ஓசை. கார்லின் குரல் சட்டென்று வேறு மாதிரி ஆனது. பரீட்சையில் பாஸ் என்று தெரிந்த பையனின் குரல். "அப்பா, வைங்க, வைங்க. ஹெலினா கூப்பிடுறா. கோவம் போயிடுச்சு போல. இருங்க, எடுத்து..."

அதற்குப் பிறகு இருந்ததை எழுத வேண்டாம். நான்கு நொடிதான்.

ஜோசப்ராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அவரிடமும் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அதைக் கேட்க அவருக்கு இப்போதுதான் வழி கிடைத்தது.

"காலையில சண்டைன்னு தெரியும்மா. நீ... அப்ப நீ சமாதானம் பேசத்தான கூப்பிட்ட?"

எட்டு ஐம்பத்தைந்துக்குப் பள்ளிக்கூட வராண்டாவில் நின்றுகொண்டு அவள் சொல்லத் தயாராக வைத்திருந்தது வேறு. வரி வரியாக ஞாபகம் இருந்தது. இன்னைக்குச் சாயங்காலம் நான் லோஹேகாவ் போறேன், எங்க அம்மா வீட்டுக்கு. திரும்பி வர மாட்டேன். கூப்பிட வராதீங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவன் எடுக்கவில்லை, அதனால் அது அவனைப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இத்தனை நாளும் அவளுக்கிருந்த ஒரே ஆறுதல். சேரவில்லைதான். அதற்குப் பதிலாக அவன் வேறொன்றைத் தானாக நம்பிக்கொண்டு, அவள் அழைப்பை எடுக்கச் சந்தோஷமாக ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்திருக்கிறான்.

"ஆமா மாமா" என்றாள். "அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

ஜோசப்ராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். "அப்ப என் புள்ள நிம்மதியாத்தான் போயிருக்கான்" என்றார். "தோத்திரம் ஆண்டவரே. அப்ப நிம்மதியாத்தான் போயிருக்கான்." அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எட்டு மணிக்கு அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, ஜெபத்தில் எல்லா அடியையும் தப்பில்லாமல் பாடினார்.

அன்று ராத்திரியே ஹெலினா பட்டியலைத் திறந்தாள். 'கார்ல்' என்ற பெயரைத் தொட்டதும் நீக்கலாமா என்று கேட்டது. நீக்கினாள். இனி அவளும் மாமனாரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் கேட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் ஏழரைக்குப் பாட்டு ஒரு பிசிறில்லாமல் ஓடியது. கூடத்துக்கு அப்பால் ஜோசப்ராஜ் இப்போது கதவைச் சாத்துவதில்லை, சத்தத்தைக் குறைப்பதில்லை, நான்கு நிமிடத்தில் நிறுத்துவதும் இல்லை. கடைசி நான்கு நொடியை மட்டும் விட்டுவிட்டு முழுவதும் கேட்கிறார். ஹெலினா முதல் நாள் சத்தத்தை ஏற்றிப் பார்த்தாள். இரண்டாம் நாள் இன்னும் ஏற்றினாள். மூன்றாம் நாள் இயர்பட்ஸைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டு, மாவுக் கையோடு அப்படியே நின்றாள். கோவம் போயிடுச்சு போல, என்றான் கார்ல். தினமும் சொல்கிறான்.